பதிமூன்று நாள் பாக்கி

2012 டிசம்பர் 25, செவ்வாய்க்கிழமை. உக்ரைனில் வின்னித்சியா என்கிற ஊரில் மருத்துவம் படிக்கப் போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. காலையில் எழுந்து, பனியில் காலை ஊன்றி ஊன்றி நடந்து, உடற்கூறியல் வகுப்புக்குப் போனேன். தூத்துக்குடியில் அம்மா நடுச்சாமப் பூசை முடிந்து வந்து கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருப்பாள். இங்கே பேருந்து ஓடுகிறது, கடை திறந்திருக்கிறது, பேராசிரியர் முழங்கை மூட்டைப் பற்றிக் கேள்வி கேட்கிறார். கிறிஸ்தவ நாடு என்று சொன்னார்களே என்று எரிச்சலாக வந்தது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டி பக்தியான ஆள். சமையலறையில் மாதா படமும் அதற்கு முன்னால் விளக்கும் உண்டு. அவரிடமும் அன்று எந்த அசைவும் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 6 சாயங்காலம், கதவைத் தட்டிக் கூப்பிட்டார். மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் பரப்பியிருந்தது. பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றில்கூடக் கறியோ பாலோ இல்லை. நடுவில் குத்யா. அவித்த கோதுமையில் தேனும் வாதுமைக்கொட்டையும், அரைத்த கசகசாவும் கலந்தது. அந்தக் கசகசாவை அவர் மத்தியானம் முழுக்க ஒரு பெரிய மண்சட்டியில் மரக்கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாகப் பால் விடும்வரை நிறுத்தவில்லை. முதல் நட்சத்திரம் தெரிகிறதா என்று என்னை ஜன்னலுக்கு அனுப்பினார். வானம் மூடிக் கிடந்தது. "சரி, அங்கேதான் இருக்கும், உட்கார்" என்றார்.

எனக்கு இருந்த அரைகுறை மொழியில் கேட்டேன்: "பாட்டி, நீங்கள் ஏன் கிறிஸ்துமஸை ஜனவரி 7-இல் வைத்திருக்கிறீர்கள்?"

"ஜனவரியிலா? நாளைக்கு டிசம்பர் 25 தானே" என்றார்.

எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கோவில் காலண்டரை எடுத்து வந்து காட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய எண் ஒன்று, அதற்குக் கீழே சின்ன எண் ஒன்று. 7 என்று பெரிதாக அச்சிட்ட கட்டத்தின் கீழே சிறியதாக 25.

இந்த ஒரு கட்டம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ரஷ்யா, செர்பியா, ஜார்ஜியா, எருசலேம் ஆகிய இடங்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் கிறிஸ்துமஸை ஜனவரி 7-க்கு மாற்றி வைக்கவில்லை. அவர்களுக்கும் அது டிசம்பர் 25-தான். அவர்கள் கையில் இருக்கிற காலண்டர் நம்முடையதைவிடப் பதிமூன்று நாள் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். நம் பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரனுக்கு அது சில வருடம் ஜனவரி 14, சில வருடம் 15. நமக்கு எப்போதும் தை 1. ஏன் தேதியை மாற்றுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் நமக்குக் கேள்வியே விளங்காது. பாட்டிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தப் பதிமூன்று நாள் எங்கிருந்து வந்தது? ஜூலியஸ் சீசர் கிமு 45 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த காலண்டரில் ஒரு வருடத்துக்கு 365 நாளும் கால் நாளும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை பிப்ரவரியில் ஒரு நாள் கூட்டினால் கணக்கு சரி. ஆனால் பருவங்கள் ஒரு சுற்று சுற்றி வர ஆகிற காலம் அதைவிடச் சுமார் பதினொரு நிமிடம் குறைவு. பதினொரு நிமிடத்தை யார் கவனிப்பார்கள்? ஒரு தலைமுறையில் யாருக்கும் தெரியாது. ஆனால் 128 வருடத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

திருச்சபைக்கு இது பெரிய தலைவலியானது கிறிஸ்துமஸால் அல்ல, ஈஸ்டரால். கிறிஸ்துமஸ் எங்கே விழுந்தால் என்ன, இயேசு பிறந்த தேதியை விவிலியம் சொல்லவே இல்லை. ஈஸ்டர் அப்படியில்லை. அது இளவேனிலின் சம இரவுபகல் நாளையும், அதையொட்டி வருகிற பௌர்ணமியையும், அதற்கு அடுத்த ஞாயிறையும் பிடித்துக்கொண்டு வருகிறது. கிபி 325-இல் நீசேயாவில் ஆயர்களின் சங்கம் கூடிய காலத்தில் அந்தச் சம நாள் மார்ச் 21. பதினாறாம் நூற்றாண்டில் வானத்தில் உண்மையான சம நாள் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. கோவில் அட்டவணை மட்டும் 21 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் ஈஸ்டர் மெல்ல மெல்லக் கோடைக்குள் போய்விடும்.

பாப்பரசர் பதிமூன்றாம் கிரகோரி 1582-இல் ஆணை போட்டார். அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. பத்து நாள் வெட்டு. இனி அந்தத் தப்பு வராமலிருக்க, நூறால் வகுபடுகிற வருடங்களில் 400-ஆல் வகுபடுகிறவை மட்டுமே லீப் வருடம் என்று விதி வைத்தார்கள். 1600 லீப், 1700 இல்லை, 1800 இல்லை, 1900 இல்லை, 2000 லீப்.

பழைய காலண்டருக்கோ எல்லாமே லீப்தான். 1582-இல் பத்து நாள் வித்தியாசம். 1700 தாண்டியதும் பதினொன்று, 1800 தாண்டியதும் பன்னிரண்டு, 1900 தாண்டியதும் பதிமூன்று. ஜனவரி 7 ஏதோ ஆதிகாலத்துத் தேதி என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யர்களின் கிறிஸ்துமஸ் நம் கணக்குக்கு ஜனவரி 6-இல் வந்தது. பழைய கணக்கை யாரும் தொடாமல் விட்டால், 2101-இல் அது ஜனவரி 8-க்குப் போய்விடும்.

திருத்தியவர் போப் என்பதுதான் சிக்கலே. கத்தோலிக்க நாடுகள் சீக்கிரம் ஏற்றுக்கொண்டன. மற்றவர்கள் கணக்கு சரியென்று தெரிந்தும் தள்ளிப்போட்டார்கள். இங்கிலாந்து 170 வருடம் இழுத்தடித்து 1752-இல்தான் மாறியது: செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பக்கிங்காம்ஷயரில் குவெய்ன்டன் என்ற கிராமத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இராத்திரியில் விளக்கும் மெழுகுவர்த்தியுமாக ஒரு முள்மரத்தைச் சுற்றி நின்றார்கள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி சொல்கிறது. அந்த மரம் கிறிஸ்துமஸ் இரவில் பூக்கும் என்பது நம்பிக்கை. புதுக் காலண்டரின் டிசம்பர் 24 இரவில் மொட்டுகூட விடவில்லை. அப்படியானால் இது கிறிஸ்துமஸே இல்லை என்று தீர்மானித்து, மறுநாள் கோவிலுக்குப் போக மறுத்துவிட்டார்களாம். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். தேதியை அரசாங்கத்திடம் கேட்காமல் மரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்தில் ஃபூலா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இன்றும் கிறிஸ்துமஸ் ஜனவரி 6-இல். ஏன் 7 இல்லை? பழைய கணக்குப்படி 1800-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டவர்கள், 1900-இல் அப்படிச் செய்யவில்லை. பன்னிரண்டு நாள் வித்தியாசத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

இனி கிழக்குக்கு வருவோம். ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே காலண்டரை மாற்றினார்கள். 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அக்டோபர் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பர் 7-இல் வந்ததும் இதனால்தான். திருச்சபை மட்டும் பழையதிலேயே இருந்தது. 1923-இல் அதன் தலைவர் பேட்ரியார்க் தீகோன் புதுக் கணக்குக்கு மாறச் சொல்லி உத்தரவு போட்டார். இருபத்து நான்கே நாளில் நிறுத்தி வைத்தார். மக்கள் ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் வானியல் இல்லை. அரசாங்கம் தட்டிக்கொடுத்து வளர்த்த ஒரு பிரிவு அப்போது புதுக் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் புதுத் தேதி என்றாலே "அவர்கள் ஆள்" என்கிற வாடை வந்துவிட்டது. மேற்கே ஒரு காலத்தில் போப்பின் வாடை அடித்தது, இங்கே கட்சியின் வாடை.

அதே 1923-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்த்தடாக்ஸ் சபைகளின் மாநாடு ஒன்று கூடியது. செர்பியத் திருச்சபை சார்பில் வந்தவர்களில் ஒருவர் மிலுதின் மிலான்கோவிச். பூமியின் பனியுகங்களைச் சூரியனைச் சுற்றும் பாதையோடு சேர்த்துக் கணக்குப் போட்டாரே, அவரேதான். போப்பின் காலண்டரை அப்படியே எடுத்தால் மானப் பிரச்சினை. எடுக்காவிட்டால் ஊரோடு ஒத்துப்போக முடியாது. மிலான்கோவிச் சொன்ன வழி சாமர்த்தியமானது. நூற்றாண்டு வருடத்தை 900-ஆல் வகுத்தால் மீதி 200 அல்லது 600 வந்தால் மட்டும் லீப். இது கிரகோரியின் விதியைவிடப் பருவங்களுக்கு நெருக்கமானது. 2000-ஐ வகுத்தால் மீதி 200, ஆகவே லீப். 2400-க்கு மீதி 600, அதுவும் லீப். இரண்டு காலண்டருக்கும் முதல் சண்டை வருவது 2800-இல். அதுவரை தேதிக்குத் தேதி ஒன்றுதான், ஆனால் போப்புடையது இல்லை. யாருக்கும் முகம் போகவில்லை.

கிரேக்கத் திருச்சபை 1924 மார்ச்சில் பதிமூன்று நாளைத் தாண்டி இதற்கு மாறியது. கான்ஸ்டான்டிநோபிள், சைப்ரஸ், ருமேனியா என்று பலர் வந்தார்கள், பல்கேரியா 1968-இல். ஆகவே ஆர்த்தடாக்ஸ் என்றாலே ஜனவரி 7 என்று சொல்வது தப்பு. கிரேக்கர்களுக்கு டிசம்பர் 25-தான். வேடிக்கை என்னவென்றால், கணக்குப் போட்டுக் கொடுத்த மிலான்கோவிச்சின் சொந்த செர்பியத் திருச்சபை இன்றுவரை மாறவில்லை.

இதில் ஒரு பெரிய ஒட்டு வேலை இருக்கிறது. மாறிய சபைகள் தேதி நிலையான திருநாள்களை மட்டும் புதுக் கணக்குக்குக் கொண்டுவந்தன. ஈஸ்டரைத் தொடவில்லை. எல்லா ஆர்த்தடாக்ஸ் மக்களும் ஈஸ்டரையாவது ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று அதைப் பழைய அட்டவணையிலேயே விட்டார்கள். பின்லாந்து மாதிரி ஒன்றிரண்டு இடம்தான் விதிவிலக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருச்சபை வருடம் என்பது பல் சக்கரங்கள் கோத்த இயந்திரம். ஒரு சக்கரத்தைப் பதிமூன்று பல் நகர்த்திவிட்டு இன்னொன்றை நிற்கவிட்டால் எங்கோ ஓரிடத்தில் கடிக்கும்.

அது கடிக்கிற இடத்தை எனக்குக் காட்டியதும் பாட்டிதான். 2013 ஜூலை முதல் வாரம். தேர்வு முடிந்து ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வழியில் சாப்பிட அவர் கட்டிக் கொடுத்ததில் கறி இல்லை, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. பெத்ரிவ்கா என்றார். அப்போஸ்தலர் நோன்பு.

அந்த நோன்பின் விதி இது. தொடங்குகிற நாள் ஈஸ்டரிலிருந்து எண்ணி வருவது. முடிகிற நாள் நிலையான தேதி. ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள் பெந்தகோஸ்து, அதற்கு அடுத்த ஞாயிறு அனைத்துப் புனிதர் ஞாயிறு, மறுநாள் திங்கட்கிழமை நோன்பு தொடக்கம். முடிவு ஜூன் 29, பேதுரு பவுல் திருநாள். எங்கள் ஊரில் பெரியவர்கள் இராயப்பர் சின்னப்பர் திருநாள் என்பார்கள், அதே தேதிதான்.

2013-இல் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5. பெந்தகோஸ்து ஜூன் 23. அனைத்துப் புனிதர் ஞாயிறு ஜூன் 30. நோன்பு ஜூலை 1 திங்கள் தொடங்கும். பாட்டியின் பழைய கணக்கில் "ஜூன் 29" என்பது நமக்கு ஜூலை 12. ஆக ஜூலை 1 முதல் 11 வரை, பதினொரு நாள் நோன்பு. குறைவுதான், ஆனால் இருக்கிறது. அதே வருடம் கிரீஸில் என்ன ஆகியிருக்கும்? அவர்களுக்கும் நோன்பு ஜூலை 1-இல்தான் தொடங்க வேண்டும். முடிய வேண்டிய ஜூன் 29-ஓ இரண்டு நாளுக்கு முன்பே போய்விட்டது. தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்துபோன நோன்பு! அந்த வருடம் அவர்களுக்கு அப்போஸ்தலர் நோன்பு இல்லை. ஈஸ்டர் தாமதமாக வருகிற வருடங்களில் இப்படி ஆகும். 2021-இல் ஈஸ்டர் மே 2. நோன்புக்கு மிஞ்சியது ஜூன் 28 என்ற ஒரே ஒரு நாள்.

கிரேக்கத்தில் பழைய காலண்டரை விடமாட்டோம் என்று பிரிந்து போனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1925 செப்டம்பரில், பழைய கணக்கின் சிலுவைத் திருநாள் இரவில், ஏதென்ஸுக்குப் பக்கத்து ஹிமெட்டஸ் மலைக் கோவிலுக்கு மேலே ஒளிச்சிலுவை தெரிந்தது என்பது அவர்களுடைய நம்பிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் பிடிவாதம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர்கள் காட்டுகிற முதல் ஆதாரங்களில் ஒன்று இந்தக் காணாமல் போன நோன்பு. அதற்கு மறுதரப்பில் நல்ல பதில் ஒன்றை நான் இதுவரை கேட்கவில்லை. வானியலில் புதுக் கணக்கு சரி. வழிபாட்டு ஒழுங்கில் பழைய கணக்கு தனக்குள் முரண்படாமல் நிற்கிறது. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்ததுதான் 1923-இன் தப்பு என்பது என் எண்ணம்.

நம்மூரில் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று நடக்கிற வாதத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் சுவை தெரியும். 2023-இல் சனிப்பெயர்ச்சி ஒரு பஞ்சாங்கத்துக்கு ஜனவரியில் ஆனது, இன்னொன்றுக்கு டிசம்பரில். திருநள்ளாறு கோவில் வாக்கியத்தை விடவில்லை.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆர்மீனியர்கள் ஜனவரி 6-இல் கொண்டாடுவதற்கும் இந்தச் சீர்திருத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஆதியில் பிறப்பையும் திருமுழுக்கையும் ஒரே நாளில் கொண்டாடிய வழக்கத்தை அவர்கள் விடவில்லை, அவ்வளவுதான். ஆனால் எருசலேமிலுள்ள ஆர்மீனியர்கள் அந்த ஜனவரி 6-ஐயும் பழைய காலண்டரில் வைத்திருக்கிறார்கள். ஆறோடு பதிமூன்றைக் கூட்டினால் ஜனவரி 19. இதனால் பெத்லகேமில் ஒரே பிறப்புக் கோவிலில் டிசம்பர் 25-இல் கத்தோலிக்கர், ஜனவரி 7-இல் ஆர்த்தடாக்ஸ், ஜனவரி 19-இல் ஆர்மீனியர் என்று மூன்று கிறிஸ்துமஸ் வருகிறது.

உக்ரைன் 2017-இலேயே டிசம்பர் 25-ஐயும் விடுமுறை ஆக்கிவிட்டது. ஜனவரி 7-உம் இருந்தது. பாட்டியைப் போன்றவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. போர் வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மாஸ்கோவோடு ஒரே நாளில் கும்பிட வேண்டுமா என்ற கேள்விக்கு முன்னால் நூறு வருட வாதங்கள் ஒன்றுமில்லாமல் போயின. 2023 செப்டம்பர் 1 முதல் உக்ரைனின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும், போப்பை ஏற்றுக்கொண்டு கிழக்கு வழிபாட்டு முறையில் நடக்கிற கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையும் நிலையான திருநாள்களைப் புதுக் கணக்குக்கு மாற்றின. ஜூலையில் போட்ட சட்டத்தில் ஜனவரி 7 விடுமுறைப் பட்டியலிலிருந்து போனது. மாஸ்கோவோடு தொடர்பு வைத்திருந்த மற்றொரு சபை மட்டும் பழையதிலேயே நின்றது. 1923-இல் மாஸ்கோவில் புதுத் தேதி சந்தேகத்துக்குரியதாக இருந்தது. நூறு வருடம் கழித்துக் கீவில் பழைய தேதி.

அந்த டிசம்பர் 25 அன்று பாட்டியை அழைத்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக இருவருக்கும் ஒரே நாளில் கிறிஸ்துமஸ். குத்யா செய்தீர்களா என்று கேட்டேன். செய்தாராம். மின்சாரம் போய்ப் போய் வருகிறதாம். கசகசா தேய்க்க மின்சாரம் எதற்கு என்றார். நிக்கோலாஸ் திருநாளை டிசம்பர் 19-இலிருந்து 6-க்கு மாற்றியதில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கி வைக்க மறந்துபோனதுதான் அவருக்குக் குறை.

அடுத்த வருடம், 2024-இல், ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மறுபடியும் மே 5-இல் வந்தது. 2013-இன் அதே தேதிகள்: பெந்தகோஸ்து ஜூன் 23, அனைத்துப் புனிதர் ஞாயிறு ஜூன் 30, ஜூலை 1 திங்கள். இந்த முறை பாட்டியின் கோவில் புதுக் கணக்கில். ஜூன் 29 உண்மையாகவே ஜூன் 29. பெத்ரிவ்கா இல்லை.

ஜூலை முதல் வாரத்தில் பேசியபோது மெதுவாக விசாரித்தேன். ஜூன் 29 அன்று கோவிலுக்குப் போய்ப் பேதுரு பவுல் பூசை கண்டு வந்ததாகச் சொன்னார். அப்புறம் என்ன செய்கிறீர்கள் என்றேன். ஜூலை 1-இலிருந்து கறியை நிறுத்தியிருக்கிறாராம், 11 வரைக்கும். சாமியார் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, அவரிடம் சொல்லவில்லை என்றார்.

"நோன்புதான் இல்லையே பாட்டி, பிறகு எதற்கு?"

"மீன் வாங்கி வைத்துவிட்டேன்" என்றார்.